எடை எங்கே போயிற்று?

கொட்டைப் புளி ஒரு மூட்டை வாங்கிக் கொட்டை எடுத்தபின் எடை குறைந்தால், நாம் யாரையும் திருடன் என்பதில்லை. கொட்டை கண்ணுக்குத் தெரிகிறது. பட்டு நூலிலும் அப்படி ஒரு கழிவு உண்டு. அது கண்ணுக்குத் தெரியாததால் நட்பு கெடுகிறது, வியாபாரமும் கெடுகிறது.

பட்டு வேட்டி நெய்யும் ஒருவர் சாயப்பட்டறைக்கு 1 கிலோ கச்சாப் பட்டு கொடுத்து, பசை நீக்கித் தரச் சொன்னார். திரும்பி வந்தது 755 கிராம். கால் கிலோவைத் திருடிவிட்டார்கள் என்று கூச்சல். இரண்டு பேரும் நம் கடை வாடிக்கையாளர்கள். தராசும் நம்மிடம் இருந்ததால் பஞ்சாயத்து நம் கடைக்கே வந்தது.

தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் கூடு ஏலம் போவதைப் பார்த்திருப்போம். அதற்குப் பிறகு நடப்பதை நம்மில் பலர் பார்த்ததில்லை. புழு தன் வாயிலிருந்து இரண்டு மெல்லிய இழைகளை ஒன்றாக விடுகிறது. அவற்றின் மேல் செரிசின் என்ற பசை பூசியிருக்கும். அந்தப் பசைதான் இழையை இழையோடு ஒட்டிக் கூட்டைக் கெட்டியாக்குகிறது. உள்ளிருக்கும் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுந்துவிடும். ஆகவே வெந்காற்றில் உலர்த்திப் புழுவை முதலில் கொன்றுவிடுகிறார்கள்.

பிறகு கூட்டைக் கொதிநீரில் வேக வைக்கிறார்கள். பசை இளகுகிறது, ஆனால் போய்விடுவதில்லை. இழை நுனியைப் பிடித்து, ஏழெட்டுக் கூடுகளின் இழைகளை ஒன்றுசேர்த்து ஒரே நூலாக ராட்டில் சுற்றுகிறார்கள். நல்ல வெண்கூட்டிலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை அறுபடாமல் வரும். 1 கிலோ நூலுக்கு ஏறக்குறைய 7 கிலோ பச்சைக் கூடு வேண்டும். நூல் காயும்போது இளகிய பசை மறுபடி இறுகி, ஏழெட்டு இழைகளையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. கச்சாப் பட்டு கஞ்சி போட்ட துணிபோல விறைப்பாக, பளபளப்பில்லாமல் இருப்பதன் காரணம் இதுதான். அது தரக்குறைவு அல்ல. முறுக்கேற்றும்போது நூல் பிரியாமல் இருக்க அந்தப் பசையே காவல். முறுக்கு முடிந்தபின் பசையை நீக்கினால்தான் மென்மையும் மினுமினுப்பும் வரும்.

அந்தப் பசையின் அளவு கச்சாப் பட்டின் எடையில் 20 முதல் 25 சதவீதம். இதைச் சொன்னால் மட்டும் நெசவாளர் ஒப்புக்கொள்வாரா? அதே சரக்கில் அவர் கையில் ஒரு சிட்டம் மிச்சம் இருந்தது. அதிலிருந்து 50 கிராம் எடுத்தோம். ஒன்றரை லிட்டர் நல்ல தண்ணீரில் 12 கிராம் வெள்ளைச் சோப்பைச் சீவிக் கரைத்து, தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்தோம். உப்புத் தண்ணீர் ஆகாது. சோப்பு திரிந்து நூலில் படியும். காஸ்டிக் சோடாவும் ஆகாது. பசையோடு பட்டையும் அரித்துவிடும். பிறகு வெந்நீரில் அலசி, நிழலில் காயவிட்டு, மறுநாள் நிறுத்தோம். 38.5 கிராம். மறுபடி கொதிக்க வைத்தும் குறையவில்லை. அதாவது பசை முழுதும் போய்விட்டது, கழிவு 23 சதவீதம்.

கணக்குப்படி 1 கிலோவுக்கு 770 கிராம் வரவேண்டும். வந்தது 755. மீதி 15 கிராம் அறுந்த நூலிலும் கையாளுகையிலும் போனது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். கூச்சல் அடங்கியது.

ஆனால் நாம் வேறொன்றைச் சொல்ல வேண்டும். 755-க்குச் சண்டை போட்டவர், 870 வந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். உண்மையில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஒன்று, பசை பாதி நிற்கும். அப்படிப்பட்ட நூல் கைக்குச் சொரசொரக்கும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அல்லது ஈரம் நிற்கும். பட்டு கைக்குத் தெரியாமலே நிறைய ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நன்றாக உலர்ந்த நூலையே நிறுக்க வேண்டும்.

நம் யோசனை இதுதான். பட்டு கைமாறும்போது 50 கிராம் மாதிரியை இருவர் கையெழுத்தோடு கட்டி வைக்கட்டும். அதைக் கொதிக்க வைத்துக் கண்ட கழிவைச் சீட்டில் எழுதட்டும். சேதாரம் எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும். செலவு ஒரு துண்டு சோப்பு. கால் கிலோ பசைக்காக ஒரு மனிதனைத் திருடன் என்று சொல்லாமல் இருக்க, அது பெரிய செலவு அல்ல.