இருபது போனால் இருபத்தைந்து வரவேண்டும்

சம்பளத்தில் 20 சதவீதம் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து 20 சதவீதம் உயர்த்தினார்கள். பழைய சம்பளம் வந்துவிட்டதா?

இதை யாரிடம் கேட்டாலும், "வந்துவிட்டதே" என்றுதான் முதலில் பதில் வருகிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் வரவில்லை. நூறு ரூபாயில் 20 போனால் மீதி 80. அந்த 80-க்கு 20 சதவீதம் என்றால் 16 ரூபாய்தான். 80-ம் 16-ம் 96. நாலு ரூபாயைக் காணோம். யாரும் திருடவில்லை, குறைக்கும்போது நூறை வைத்துக் கணக்குப் போட்டார்கள், கூட்டும்போது எண்பதை வைத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

நம் காலத்துப் பள்ளிக்கூடத்தில் சதவீதத்துக்கு முன்னால் பின்னம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் இது இன்னும் சுலபமாக விளங்கும். 20 சதவீதம் என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஐந்தில் ஒன்று போனால் கையில் இருப்பது நாலு பங்கு. போன ஒரு பங்கு திரும்பி வரவேண்டுமென்றால், இருக்கிற நாலில் ஒன்று சேர வேண்டும். நாலில் ஒன்று கால் பங்கு, அதாவது 25 சதவீதம். இதே வழியில் கால் பங்கு போனால் மூன்றில் ஒன்று சேர வேண்டும். மூன்றில் ஒன்று போனால் பாதி சேர வேண்டும். பாதி போய்விட்டால் இருப்பது இரண்டு மடங்காக வேண்டும். வெட்டு பெரிதாக ஆக, ஏறவேண்டிய சதவீதம் அதைவிட வேகமாகப் பெரிதாகிறது.

வேலையில் இருந்த காலமெல்லாம் சம்பளப் பட்டியல் போட்டே கழித்தவன் நான். அதனால் இது வெறும் கணக்குப் புதிராக எனக்குத் தெரியவில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது எத்தனையோ தனியார் நிறுவனங்கள் 'தற்காலிகம்' என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தன. குறைத்ததைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. ஆலை மூடிக் கிடந்தது, ஆர்டர் இல்லை, வேலையாவது மிஞ்சியதே என்று பலரும் ஒப்புக்கொண்டார்கள். நான் சொல்ல வருவது, அதைத் திருப்பித் தந்த விதத்தைப் பற்றி.

என் தங்கை மகள் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். 2020 ஏப்ரலில் அவள் சம்பளம் 50,000. எல்லோருக்கும் 20 சதவீதம் குறைத்தபோது 40,000 ஆயிற்று. அடுத்த வருடம் ஏப்ரலில் கடிதம் வந்தது: 'நிலைமை சீரானதால் 20 சதவீதம் உயர்வு வழங்கப்படுகிறது.'

"மாமா, பழையபடி வந்துடுச்சு" என்று சந்தோஷமாகப் போன் பண்ணினாள்.

"கையில எவ்வளவும்மா வருது? ரூபாயா சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "நாற்பத்தெட்டு மாமா. பிடித்தம் எதாவது இருக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

பிடித்தம் எதுவும் இல்லை. 40,000-க்கு 20 சதவீதம் 8,000. அதைத்தான் கூட்டியிருக்கிறார்கள். மாதம் 2,000 குறைவு, வருடத்துக்கு 24,000. இது ஒரு வருடத்தோடு நிற்பதும் இல்லை. அடுத்த இன்க்ரிமென்ட் 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 50,000 வாங்குகிறவருக்கு அது 54,000 ஆகும். 48,000 வாங்குகிறவருக்கு 51,840-தான். 2,000 ஆக இருந்த பள்ளம் 2,160 ஆகிவிட்டது. ஒவ்வொரு இன்க்ரிமென்ட்டுக்கும் பள்ளமும் சேர்ந்தே வளரும். அந்த வேலையில் இருக்கும் வரை நூற்றுக்கு நாலு ரூபாய் குறைவாகவே வாங்கிக்கொண்டிருப்பாள். 'தற்காலிகம்' என்று சொன்ன வெட்டில் ஒரு துண்டு நிரந்தரமாகிவிட்டது.

சில இடங்களில் இரண்டு தவணையாகத் தந்தார்கள்: இப்போது 10 சதவீதம், ஆறு மாதம் கழித்து 10 சதவீதம். 40,000 முதலில் 44,000 ஆகும், பிறகு 48,400 ஆகும். ஒரே தடவை தந்ததைவிட 400 ரூபாய் அதிகம், ஆனாலும் 1,600 குறைவுதான். இரண்டு தவணையில் 50,000-ஐத் தொடவேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 11.8 சதவீதம் தரவேண்டும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. அதனால்தான் சம்பளத்தைத் திருப்பித் தரும்போது சதவீதமே பேசக்கூடாது, ரூபாயில் பேசவேண்டும் என்கிறேன்.

நம் வயதுக்காரர்கள் கவனிக்கவேண்டிய இடம் இன்னொன்று உண்டு, அது கிராஜுவிட்டி. கொரோனா காலத்தில், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் டி.ஏ.வையும் வைத்துத்தான் அதைக் கணக்கிட்டார்கள். மாதத்துக்கு 26 நாள் என்று கொண்டு, ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம். டி.ஏ. இல்லாத கம்பெனியில் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 25,000, சர்வீஸ் 20 வருடம் என்றால் அவருக்கு 2,88,461 ரூபாய் வரவேண்டும். வெட்டு நடப்பில் இருக்கும்போது, அடிப்படை 20,000 ஆகக் குறைந்திருந்த நேரத்தில் அவர் ஓய்வு பெற்றால் 2,30,769 என்று கணக்கு வரும். ஒரு வருடத்து வெட்டு, இருபது வருட உழைப்பிலிருந்து 57,692 ரூபாயை எடுத்துக்கொண்டு போகிறது. '20 சதவீத உயர்வு' வந்த பிறகு, அடிப்படை 24,000 ஆக இருக்கும்போது ஓய்வு பெற்றாலும் 11,538 குறையும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. எல்லா நிறுவனமும் அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்கவில்லை. சிலர் படிகளை மட்டும் குறைத்துவிட்டு, அடிப்படையை அப்படியே விட்டார்கள். அங்கே கிராஜுவிட்டிக்குப் பாதகம் இல்லை, பி.எஃப்.பும் பெரும்பாலும் தப்பித்தது. பே ஸ்லிப்பில் எந்த வரியில் எண் மாறியிருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். மொத்தத்தை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது.

அரசாங்கங்களும் அதே காலத்தில் கை வைத்தன. ஆனால் அவை செய்த விதம் வேறு. நாடாளுமன்ற உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 2020-ல் ஒரு லட்சமாக இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் ஒரு வருடத்துக்கு 30 சதவீதம் குறைப்பு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். வருடம் முடிந்ததும் யாரும் 'உயர்வு' தர வேண்டியிருக்கவில்லை. சம்பளம் தானாகவே ஒரு லட்சத்துக்குத் திரும்பியது. அவர்களுக்கும் '30 சதவீத உயர்வு' என்று கொடுத்திருந்தால் 70,000 என்பது 91,000-த்தோடு நின்றிருக்கும்.

கேரளத்தில் நடந்தது நம் கணக்குக்கு இன்னும் பொருத்தம். அங்கே அரசு ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் 6 நாள் சம்பளத்தை ஐந்து மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். முப்பது நாளில் 6 நாள் என்றால் சரியாக 20 சதவீதம். கோர்ட்டு தடை போட்டது, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அதெல்லாம் தனிக்கதை. ஆனால் அது ஒத்திவைப்பு, குறைப்பு அல்ல. சம்பள விகிதம் மாறவில்லை, ஐந்து மாதத்தில் சேர்ந்தது ஒரு மாதச் சம்பளம், அந்தத் தொகையைப் பிறகு திருப்பித் தரவேண்டிய கடனாக அரசு ஏற்றுக்கொண்டது. 25 சதவீதக் கணக்குக்கே அங்கே வேலை இல்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் நடந்தது நம்மில் பலருக்குச் சொந்த அனுபவம். 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி என்று மூன்று தவணை டி.ஏ.வை நிறுத்தினார்கள். 2021 ஜூலையில் விகிதம் 17-லிருந்து 28-க்கு வந்தது. விகிதத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் இடைப்பட்ட 18 மாத அரியர்ஸ் வரவில்லை. பழைய நிலைக்குத் திரும்புவது ஒன்று, நடுவில் போன பணம் திரும்புவது வேறொன்று. 25 சதவீதம் சரியாகத் தந்தாலும் முதலாவதுதான் நடக்கும். என் தங்கை மகளுக்கு ஒரு வருடத்தில் போன 1,20,000 ரூபாய் போனதுதான். அதை அவள் கேட்கவும் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தந்திரம் உண்டு. சரியாக 25 சதவீதம் கொடுத்துவிட்டு, "இந்த வருடம் 25 சதவீதம் ஏற்றியிருக்கிறோம், இன்க்ரிமென்ட் வேறு எதற்கு?" என்று கேட்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். காகிதத்தில் 25 பெரிதாகத் தெரிகிறது. ஆனால் 50,000 வாங்கியவர் மறுபடி 50,000 வாங்கினால் அவருக்குக் கிடைத்த உயர்வு பூஜ்யம். அதற்கு மேல் தருவதுதான் இன்க்ரிமென்ட்.

முதலாளிகள் எல்லோரும் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 'இருபது எடுத்தோம், இருபது கொடுத்தோம்' என்று நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களும் இருப்பார்கள். ஆனால் சம்பளப் பட்டியல் போடுகிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஒரு வருடத்துக்கு முந்தைய பட்டியல் அவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் குறை தெரியும்.

தங்கை மகளிடம் சண்டை போடச் சொல்லவில்லை. மூன்று வரியில் கடிதம் எழுதச் சொன்னேன். 'குறைப்புக்கு முந்தைய சம்பளம் ரூ.50,000. இப்போதைய சம்பளம் ரூ.48,000. பழைய சம்பளமே நிர்ணயம் செய்யப்பட்டதா என்று தெரிவிக்கவும்.' சதவீதம் என்ற வார்த்தையே அதில் இல்லை. இன்னும் சிலரும் அதேபோல் எழுதினார்கள். ஜூலையிலிருந்து 50,000 ஆக்கினார்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதத்துக் குறை 6,000 ரூபாயைத் தரவில்லை.

கொரோனா போய்விட்டது. ஆனால் நெருக்கடி என்று வந்தால் சம்பளத்தைக் குறைப்பது நிறுவனங்களுக்குப் பழகிவிட்டது. அடுத்த தடவையும் வரும். அப்போது உங்கள் பிள்ளையோ பேத்தியோ கடிதத்தைக் காட்டினால் இரண்டு விஷயம் பாருங்கள். குறைப்பு எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதியிருக்கிறதா? முடிந்த பிறகு சம்பளம் எத்தனை ரூபாய் என்று எழுதியிருக்கிறதா? இரண்டும் இருந்தால் கவலை இல்லை. சதவீதம் மட்டும் இருந்தால், ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.