தடையின்மைச் சான்றில் விடுபட்ட வரி

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். தனியார் கம்பெனியில் பொறியாளர், வயது 41. பகுதிநேரமாக பிஎச்.டி. சேரப் போகிறாராம். கம்பெனி கொடுத்த தடையின்மைச் சான்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "அலுவலகப் பணிக்கு இடையூறின்றியும் விடுப்பு கோராமலும் படிப்பதில் ஆட்சேபணை இல்லை" என்று ஒரே வரி. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இதே வரியை நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

2023-ல், ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு நடந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண். முதுகலையில் 58 சதவீதம். பொதுப் பிரிவுக்கு 55 போதும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. ஆகவே தகுதியில் சிக்கல் இல்லை. நுழைவுத் தேர்வும் எழுதித் தேறிவிட்டார்.

முதல் தடங்கல் நெறியாளர் விஷயத்தில் வந்தது. அவர் மனதில் வைத்திருந்த பேராசிரியர் ஓய்வு பெற இரண்டரை வருடம்தான் இருந்தது. மூன்று வருடத்துக்குக் குறைவாகப் பணிக்காலம் உள்ளவர் புது மாணவரை எடுக்கக் கூடாது என்பது யுஜிசியின் 2022 விதி. அடுத்துக் கேட்டவர் உதவிப் பேராசிரியர். அவருக்கு நான்கு பேர்தான் வரம்பு, நான்கும் நிரம்பியிருந்தது. இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு. கடைசியில் இடம் காலியாக இருந்த ஓர் இணைப் பேராசிரியரைத் துறை ஒதுக்கிக் கொடுத்தது. யார் பெரிய அறிஞர் என்று பார்ப்பதற்கு முன், ஓய்வு தேதியையும் காலி இடத்தையும் விசாரித்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சம்.

பிறகு என்னிடம் சான்று கேட்டு வந்தார். பழைய கோப்பில் இருந்த வாசகத்தை அப்படியே தட்டச்சு செய்யச் சொன்னேன். பல்கலைக்கழகமும் வாங்கிக்கொண்டது.

ஆனால் அந்த விதி கேட்பது மூன்று உறுதிகளை. பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு என்பது ஒன்று. ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க அவருடைய பணி இடம் தரும் என்பது இரண்டு. தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்பது மூன்று. நான் எழுதிய வரி முதலாவதைச் சொல்லி, மூன்றாவதை மறுத்துவிட்டது.

கோர்ஸ் ஒர்க் என்பது குறைந்தது 12 கிரெடிட். வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுக்க வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட். இரண்டு பருவமாகப் பிரித்தாலும் வாரம் ஆறு மணி நேரம் அங்கே உட்கார வேண்டும். தேர்விலும் 55 சதவீதம் எடுத்தாக வேண்டும். வளாகத்தில் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் சனி, ஞாயிறு வகுப்பு போதும். சில இடங்களில் ஒரு பருவம் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு வெள்ளி மதியமும் சனிக்கிழமையும் வகுப்பு. இரண்டு மாதம் ஓடியது. பிறகு தணிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை அனுமதி கேட்டபோது, "விடுப்பு கோரமாட்டேன் என்றுதானே சான்று வாங்கினீர்கள்?" என்று என் மேசையிலிருந்தே பதில் போனது. வருகைப் பதிவு குறைந்து ஒரு பருவம் வீணாயிற்று. மொத்தக் காலமான ஆறு வருடத்தில் கோர்ஸ் ஒர்க்கும் அடக்கம். பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம் தரலாம் என்றாலும், போன பருவம் போனதுதான்.

"பரவாயில்லை சார், அடுத்த பருவம் பார்த்துக்கறேன்" என்றார். அதில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வேலையில் இருப்பவர் படித்தால் அலுவலக வேலை கெடும் என்று நம் தலைமுறை அதிகாரிகளுக்கு ஒரு பயம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் முடியாது என்றால் முடியாது என்றே எழுதிக் கொடுத்துவிடலாம். அனுமதி கொடுத்த கையாலேயே நேரத்தைப் பூட்டி வைப்பதுதான் தப்பு. அதைவிட, எந்தக் கிழமை, எத்தனை வாரம் என்று முன்கூட்டியே கேட்டு, சான்றிலேயே எழுதிவிடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

எதிர்வீட்டுத் தம்பியின் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று உறுதிகளையும் தனித்தனி வரியாக எழுதி, வகுப்பு அட்டவணையையும் இணைத்து, மறுபடி கையெழுத்து வாங்கச் சொன்னேன். "தருவாங்களா, சார்?" என்று கேட்டார். தராவிட்டால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, கட்டணம் கட்டிய பிறகு அல்ல என்றேன்.