காணி யாருடையது?

வட்டுக்கோட்டையில் இரண்டு பரப்பு வயல் கைமாறினால் நொத்தாரிசு உறுதி எழுதுகிறார், பங்குக்காரர் அறிகிறார், ஊரும் அறிகிறது. அதே வயலைக் கம்பனியொன்று வைத்திருந்தாலோ, வயலை விற்க வேண்டியதில்லை. கம்பனியின் பங்குகளை விற்றாற் போதும். உறுதியில் ஓர் எழுத்தும் மாறாது. தேசவழமை பங்குக்காரருக்குத் தந்த முன்கொள்வனவு உரிமைக்கும் அங்கே வேலையில்லை. உடையவன் மட்டும் மாறியிருப்பான்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், நேராகவோ மறைமுகமாகவோ ஐம்பது வீதமும் அதற்கு மேலும் அந்நியர் பங்குள்ள கம்பனிக்குக் காணி உரித்து மாற்றுவதைத் தடுக்கிறது. "மறைமுகமாக" என்ற அந்த ஒரு சொல்லை எப்படிக் கணக்கிடுவது என்பதிலேதான் வினை இருக்கிறது.

கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். காணிக் கம்பனியின் 51 வீதம் கொழும்பிலுள்ள ஒரு தாய்க் கம்பனியிடம். அதன் 51 வீதம் மற்றொரு கம்பனியிடம். அதன் 51 வீதம் ஓர் அந்நியனிடம். எஞ்சிய பங்குகள் எல்லாம் உள்ளூர்ச் சிறு பங்காளரிடம் சிதறிக் கிடக்கின்றன. வீதங்களைப் பெருக்கினால் அந்நியன் பங்கு 13 வீதத்துக்குச் சற்றே மேல். ஆனால் ஒவ்வொரு படியிலும் பெரும்பான்மை வாக்கு அவன் கையில். வயலில் எதை விதைப்பது, எதை அடகு வைப்பது என்பதை அவனே தீர்மானிப்பான். ஆகவே ஆய்வாளர் இரண்டு கணக்கும் போட வேண்டும்: பெருக்கல் இலாபம் யாருக்கு என்பதைச் சொல்லும், வாக்குப் பலத்தைப் படிப்படியாகத் தொடர்வதே அதிகாரம் யாருக்கு என்பதைச் சொல்லும். முதற் கணக்கோடு நிற்பவர் ஏமாந்தார்.

பங்கேட்டிலுள்ள பெயரே பினாமியானால் இரண்டும் பிழைக்கும். அப்போது பணத்தைத் தொடர வேண்டும். கம்பனிக்குக் கடன் தந்தவர் யார்? காசோலையில் ஒப்பமிடுபவர் யார்? பல கம்பனிகளுக்கும் ஒரே செயலாளரும் ஒரே விலாசமும் ஏன்?

2021இல் வெளியான பண்டோரா ஆவணங்கள் இதற்குச் சான்று. இலண்டனிலிருந்து செனீவாப் பண்டகசாலைக்குச் சென்ற 31 கலைப்படைப்புகளுக்கு, இரவிவர்மாவின் ஓவியம் ஒன்று உட்பட, ஏட்டில் உரியது சமோவாவில் பதிவான ஒரு கம்பனி. அதன் பின்னால் இருந்தவர் திருக்குமார் நடேசன் என்று அவ்வாவணங்களை ஆய்ந்த பத்திரிகையாளர் எழுதினர். தவறேதும் செய்யவில்லை என்றார் அவர். குற்றம் உண்டா என்பது நம் கேள்வியன்று. சமோவாவின் பதிவேடு அப்பெயரைக் காட்டவில்லை. கம்பனிகளை நடத்திக் கொடுத்த நிறுவனத்தின் கோப்புகள் கசிந்த பின்னரே அது தெரிந்தது.

2025ஆம் ஆண்டின் கம்பனிகள் திருத்தச் சட்டம் உண்மையான பயனாளியின் பெயரைக் கேட்கிறது. நல்லது. ஆனால் பெயரைக் கொடுப்பது கம்பனியே. அப்பெயரை வங்கிக் கணக்கோடும் கடன் பத்திரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அதிகாரி வேண்டும். காணிப் பதிவகத்தில் உறுதியைப் பதியும் முன்னரே அந்த ஒப்பீடு நடக்க வேண்டும் என்று கேட்கிறோம்.