நூல் பின்னிய கேபிள் ரொம்ப நாள் உழைக்குமா? பதில் அதோட கழுத்துல இருக்கு!

ஏழு மாதத்துக்கு முன்னாடி ஒரு டைப்-சி கேபிள் வாங்கினேன். கறுப்பு நைலான் நூல் பின்னியது. "கயிறு மாதிரி, அறவே அறாது" என்று கடைக்காரர் இரண்டு கையாலும் இழுத்தே காட்டினார். போன வாரம் அது தகராறு செய்ய ஆரம்பித்தது. பிளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் சார்ஜ் ஏறும், விட்டால் நின்றுவிடும். இந்த 'ஆங்கிள்' விளையாட்டு நம்ம எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆச்சரியம் என்னன்னா, வெளியே ஒரு நூல்கூடப் பிரியவில்லை. குப்பையில் போடும் முன் பிளேடால் கீறிப் பார்த்தேன். நூலுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் உறை, பிளக்குக்கு ஒட்டின இடத்தில் வெடித்திருந்தது. அதற்குள் இருந்த சிவப்பு வயரில் செம்பு இழைகள் பாதிக்கு மேல் அறுந்து போயிருந்தன. மேல்சட்டை புதுசு, உள்ளே எலும்பு முறிவு!

ஃப்ளாட்டா, நூல் பின்னியதா, ரப்பர் உறையா என்று நாம் மேல்சட்டையைப் பார்த்துத்தான் கேபிள் வாங்குகிறோம். அது தப்பான கேள்வி என்பதுதான் என் கருத்து. மூன்றுக்கும் வித்தியாசம் இருக்கு. ஆனால் அந்த வித்தியாசம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை.

உடைவது எங்கே?

ஒரு மெல்லிய கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடாகி ஒடிந்துவிடும் இல்லையா? கேபிளுக்குள் நடப்பதும் அதேதான். பிளக் அசையாது, கேபிள் அசையும். இரண்டும் சேர்கிற கழுத்தில்தான் எல்லா வளைவும் விழுகிறது. செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. படுத்துக்கொண்டு, போனை நெஞ்சில் நிறுத்தி, சார்ஜ் போட்டபடி ரீல்ஸ் பார்ப்பவர்கள் தினமும் இதைச் செய்கிறார்கள்.

நைலான் பின்னல் உராய்வைத் தாங்கும். மேசை விளிம்பு, பை ஜிப், பூனை நகம் இதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வளைவை அது தடுக்காது. சொல்லப்போனால், உள்ளே விழுந்த வெடிப்பை மறைத்துவிடும். என் கேபிளுக்கு நடந்தது அதுதான்.

ரப்பர் உறை என்று கடையில் சொல்வது பெரும்பாலும் ரப்பரே இல்லை. பி.வி.சி., ரப்பர் போன்ற மிருதுவான டி.பி.இ. பிளாஸ்டிக், சிலிகான் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். பி.வி.சி. நாளாக நாளாக விறைத்து வெடிக்கும். சிலிகான் நூடுல்ஸ் மாதிரி வளையும், கழுத்தில் அழுத்தம் குறையும். ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் அங்கிருந்தே கிழியும், தூசியும் ஒட்டும். இந்த வகையில் ஒரு நல்ல விஷயம், கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியும்.

ஃப்ளாட் கேபிளில் வயர்கள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். அதனால் மேலும் கீழும் சுலபமாக வளையும், பக்கவாட்டில் வளையவே வளையாது. கட்டாயப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு மறுபடி கழுத்துக்குத்தான் போகும்.

சிக்கல் ஏன் விழுகிறது?

2007-ல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் இருவரும் ஒரு பெட்டிக்குள் கயிறைப் போட்டு உருட்டி, எப்போது முடிச்சு விழுகிறது என்று ஆயிரக்கணக்கான முறை பார்த்தார்கள். சில நொடிகளிலேயே முடிச்சு விழுந்தது. ஆனால் சுமார் 46 சென்டிமீட்டருக்குக் குறைவான கயிற்றில் முடிச்சு விழவில்லை என்றே சொல்லலாம். விறைப்பான கயிற்றிலும் முடிச்சு குறைவு. இந்த வேலைக்கு 2008-ல் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

இதை நம்ம பைக்குள் பொருத்திப் பாருங்கள். ஒரு திசையில் விறைப்பாக இருப்பதால் ஃப்ளாட் கேபிள் சுலபத்தில் சிக்காது. நெருக்கமாகப் பின்னிய நைலானும் ஓரளவு விறைப்பு, வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். மிருதுவான சிலிகான்தான் அதிகம் சுருண்டுகொள்ளும். ஆனால் உறையைவிட நீளம் முக்கியம். பவர் பேங்க்கோடு வைத்துக்கொள்ள அரை அடி கேபிள் வாங்கினால், அது எந்த வகையாக இருந்தாலும் சிக்கல் பிரச்சினை முடிந்தது.

சூடு யார் வேலை?

மூன்று உறைகளுமே சூட்டை உண்டாக்குவதில்லை. உண்டாக்குவது உள்ளே இருக்கும் செம்பின் பருமன். சில கேபிள்களின் மேல் `28AWG/1P+24AWG/2C` என்று பொடி எழுத்தில் இருக்கும். இதில் இரண்டாவது எண், அதாவது 24, மின்சாரம் கொண்டுபோகும் வயருக்கானது. எண் குறைந்தால் வயர் தடிமன் என்று அர்த்தம்.

ஒரு கணக்கு போடலாம். ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்புவதால் செம்பின் நீளம் இரண்டு மீட்டர். அதில் 2 ஆம்பியர் ஓடுகிறது. வயர் 28 என்றால், கேபிளிலேயே சுமார் 0.85 வோல்ட் காணாமல் போகும். 5 வோல்ட்டில் போனுக்கு வந்து சேர்வது 4.15 தான். மீதி 1.7 வாட் கேபிளைச் சூடாக்கும். அதே இடத்தில் 24 வயர் இருந்தால் இழப்பு 0.7 வாட்டுக்கும் கீழே. உறை மாறவில்லை, சூடு பாதிக்கும் கீழே போய்விட்டது!

ஃப்ளாட் கேபிளுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் சூடு கொஞ்சம் சீக்கிரம் ஆறும். ஆனால் தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக உள்ளே மெல்லிய வயர் போட்டிருந்தால் அந்த லாபம் போச்சு. மே மாத வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடக்கும் கேபிளுக்கு மட்டும் உறை நிஜமாகவே முக்கியம். அங்கே சிலிகான்தான் ஜெயிக்கும், 100 டிகிரி தாண்டினாலும் அது இளகாது.

உங்கள் கேபிளை நீங்களே சோதிக்கலாம். சார்ஜ் ஏறும்போது முழு நீளத்தையும் தடவிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு என்றால் வயர் மெல்லியது, சார்ஜ் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். கழுத்தில் மட்டும் சுட்டால் உள்ளே இழைகள் அறுந்திருக்கலாம். மிச்சம் இருக்கிற சில இழைகள் மொத்த மின்சாரத்தையும் சுமக்கின்றன. பிளக்கே சுட்டால் போன் போர்ட்டில் தூசியோ ஈரமோ இருக்கலாம். கடைசி இரண்டிலும் உடனே கழற்றிவிடுங்கள். டேப் சுற்றி, தலையணைக்கு அடியில் வைத்து ஓட்டுவதுதான் இருப்பதிலேயே ஆபத்து.

அப்போ எதை வாங்குவது?

தினமும் பையில் போட்டு எடுக்கிறவர்களுக்கு நூல் பின்னியது. படுக்கைக்கும் காருக்கும் சிலிகான். சுவரோரமாக, கார்ப்பெட்டுக்கு அடியில் அசையாமல் கிடக்க ஃப்ளாட். எதை எடுத்தாலும் கடையில் நூலை இழுத்துப் பார்க்காதீர்கள், கழுத்தை வளைத்துப் பாருங்கள். பிளக்கை ஒட்டி நீளமான, மிருதுவான உறை இருந்து, வளைவு ஒரே புள்ளியில் மடங்காமல் வில் மாதிரி பரவினால் அது நல்ல கேபிள்.

நான் இந்த முறை அப்படித்தான் வாங்கினேன். இழுத்துக் காட்ட வந்த கடைக்காரரிடம், "வேணாம்ணா, கழுத்தைக் காட்டுங்க" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்!