பணிவு போதாது, அளவுகள் வேண்டும்

இறுதியாண்டு புராஜெக்டுக்காகச் செல் சைக்ளரைப் பயன்படுத்த அனுமதி கேட்டு ஆய்வகப் பொறுப்பாளருக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் நம் கல்லூரிகளில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, ‘தங்கள் மேற்பார்வையில் பயன்படுத்த அனுமதிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்து, கைடும் துறைத் தலைவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்பதே அது. அந்தக் கடிதத்தில் மரியாதை இருக்கிறது. பொறுப்பாளர் முடிவெடுக்கத் தேவையான ஒரு தகவல்கூட இல்லை. எந்த செல், எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம், எந்த நிலையில் நிறுத்துவது என்பவை இல்லாத கடிதத்துக்கு அவர் ‘சரி’ என்றாலும் ‘முடியாது’ என்றாலும் அது யூகம்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18650 வகை லித்தியம் அயனி செல், கொள்ளளவு 2.5 ஆம்பியர்-மணி. 1.25 ஆம்பியரில் 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து, அந்த வோல்டேஜிலேயே நிறுத்திவைத்து, மின்னோட்டம் 125 மில்லி ஆம்பியருக்குக் குறைந்ததும் முடிக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். பிறகு அரை மணி ஓய்வு. அதே 1.25 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை டிஸ்சார்ஜ் செய்ய இரண்டு மணி நேரம். மீண்டும் அரை மணி ஓய்வு. ஒரு சுற்றுக்கு ஐந்தரை மணி நேரம். ‘நூறு சுற்று ஓட்டி ஆயுளைப் பார்க்கப் போகிறோம்’ என்று சாதாரணமாக எழுதப்படும் வரிக்குப் பொருள் 550 மணி நேரம்; இரவு பகலாக 23 நாட்கள். மூன்று செல்களை ஒரே சேனலில் அடுத்தடுத்து ஓட்டினால் இரண்டு மாதத்துக்கும் மேல். இந்தப் பெருக்கலைக் கடிதம் எழுதும்போதே செய்திருந்தால், செமஸ்டரின் நடுவில் புராஜெக்ட் தலைப்பை மாற்ற வேண்டி வராது. ஆயுள் சோதனைக்குப் பதிலாகப் புதிய செல்லையும் பயன்படுத்திய செல்லையும் மும்மூன்று சுற்றுகளில் ஒப்பிடலாம். காலை பத்து மணிக்குத் தொடங்கும் சுற்று மூன்றரைக்கு முடிந்துவிடும்; ஒரே சேனலிலும் ஆறு வேலை நாட்கள் போதும்.

‘மேற்பார்வை’ என்ற சொல்லும் இந்தக் கணக்குக்குப் பிறகுதான் தெளிவாகிறது. 23 நாட்கள் யாரும் கருவியின் அருகில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே ஆள் இல்லாத நேரத்தில் காவல் காப்பவை நிரலில் எழுதப்படும் வரம்புகளே. வோல்டேஜ் வரம்பு மட்டும் போதுமே என்று தோன்றும். ஆனால் சைக்ளர், மின்னோட்டத்துக்கு இரண்டு கம்பிகளையும் வோல்டேஜை அளக்கத் தனியாக இரண்டு கம்பிகளையும் செல்லில் இணைக்கிறது. அளக்கும் கம்பி தளர்ந்தால் கருவி காண்பது செல்லின் உண்மையான வோல்டேஜ் அல்ல, 4.2 வோல்ட்டைத் தாண்டியும் சார்ஜ் தொடரக்கூடும். அதனால்தான் சார்ஜாக உள்ளே போனது 2.75 ஆம்பியர்-மணியைத் தாண்டினால் நிறுத்து, மூன்றரை மணி நேரத்தைக் கடந்தால் நிறுத்து, செல்லின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸை எட்டினால் நிறுத்து என்று தனித்தனி வரம்புகள் வேண்டும். இந்த வரம்புகள் இருந்தாலும் முதல் சுற்றை மட்டும் அருகிலிருந்து கண்ணால் பார்க்க வேண்டும்; அதற்கும் காரணம் உண்டு. 4.2 வோல்ட்டில் நிறுத்திவைக்கும் கட்டத்தில் மின்னோட்டம் சீராகக் குறைய வேண்டும். குறையாமல் நின்றாலோ ஏறினாலோ செல்லுக்குள் கசிவு இருக்கலாம். உடனே நிறுத்த வேண்டும். பொறுப்பாளர் எந்தெந்தக் கட்டத்தில் உடன் இருக்க வேண்டும் என்று கடிதம் குறிப்பிட்டால்தான் அது மேற்பார்வைக்கான வேண்டுகோள்.

இதெல்லாம் மாணவருக்கு எப்படித் தெரியும், பொறுப்பாளர்தானே சொல்லித்தர வேண்டும் என்று கேட்கலாம். மேல், கீழ் வோல்டேஜ் வரம்புகளும் அனுமதிக்கப்பட்ட மின்னோட்டமும் செல் தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டிலேயே இருக்கின்றன; மற்றவை கூட்டலும் பெருக்கலும்தான். டேட்டாஷீட் கிடைக்காத செல், எடுத்துக்காட்டாகப் பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தது என்றால், அதையே கடிதத்தில் சொல்வது இன்னும் முக்கியம். இரண்டு வோல்ட்டுக்கும் கீழே நெடுநாள் கிடந்த செல்லில் செம்பு கரைந்திருக்கக்கூடும். சார்ஜ் செய்யும்போது அது உள்ளே படிந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். அத்தகைய செல்லை ஏற்பதா விலக்குவதா என்பது பொறுப்பாளரின் முடிவு. மறைத்தால் அந்த முடிவை மாணவரே எடுத்துவிட்டதாகிறது.

திட்டம் பின்னால் மாறுமே, இப்போதே எண்களை எழுதி ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு தயக்கம். எழுதப்பட்ட எண்ணைத்தான் திருத்த முடியும். 1.25 ஆம்பியரை 2.5 ஆக்க விரும்பினால் டேட்டாஷீட் அனுமதிக்கிறதா, வெப்பம் எவ்வளவு ஏறும் என்று விவாதிக்கலாம். எண்ணே இல்லாத கடிதத்தில் எதை விவாதிப்பது? எச்.ஓ.டி.யின் கையெழுத்து, கேட்பவர் யார் என்பதற்குச் சான்று. அந்த செல்லுக்கு என்ன செய்யப்போகிறார் என்பதற்கு அல்ல. பணிவு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வரி போதும். மீதிப் பக்கம் செல்லுக்கும் சேனலுக்கும் நேரத்துக்கும் நிறுத்தும் வரம்புகளுக்கும் உரியது. இவை இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்பும் பொறுப்பாளரைக் கறாரானவர் என்று குறைகூறுவது நியாயமல்ல.