எல்லாரும் சுயநலம்தான் எண்டால், அதுக்கு?

இரத்ததானம், வெள்ள நிவாரணம் எண்டு எதைக் கதைக்கத் தொடங்கினாலும் கன்ரீன் மேசையில ஒரு ஆள் கட்டாயம் சொல்லும்: "எல்லாம் சுயநலம்தான் மச்சான். குடுக்கிறவனுக்கு மனசில ஒரு சந்தோசம், அதுக்குத்தான் குடுக்கிறான்." அதோட நின்றால் பரவாயில்லை. தேத்தண்ணி முடியிறதுக்குள்ள அது, "ஆகவே அவரவர் தன்ர அலுவலைப் பார்க்கிறதுதான் சரி" எண்டு வந்து நிற்கும். எங்களுக்குப் பிரச்சினை அந்த "ஆகவே"யோடதான்.

முதல் வசனம் மனிதர் எப்படி இருக்கினம் என்பது பற்றியது. மெய்யியலில் இதை உளவியல் தன்னலவாதம் என்கிறோம். இரண்டாவது, மனிதர் எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றியது. அது ஒழுக்கவியல் தன்னலவாதம். "இருக்கிறது" என்பதிலிருந்து "வேண்டும்" என்பதை நேரடியாக எடுக்க முடியாது என்று ஹியூம் 1740இலேயே எச்சரித்துவிட்டார். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எதிராளி மடங்கமாட்டார். அவரிடம் இதைவிட நல்ல வாதம் ஒன்று இருக்கிறது.

அது இப்படிப் போகும். செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வேண்டும் எண்டு ஒருவரிடம் கேட்க ஏலாது. மனிதரால் தன் நலத்தைத் தவிர வேறொன்றை நாட முடியாது. ஆகவே பிறர் நலத்தை நாடு என்று கட்டளையிடுவதில் அர்த்தமில்லை. மிச்சம் இருப்பது தன்னலம் மட்டும்தான்.

இந்த இடத்தில் ஜெரமி பெந்தாமைக் கூப்பிட வேண்டும். மனிதரை இன்பம், துன்பம் என்ற இரண்டு எசமான்கள்தான் ஆளுகின்றன என்று 1789இல் வெளிவந்த தன் நூலைத் தொடங்கியவர். வயது போகப் போக, ஆட்கள் பெரும்பாலும் தங்கட நலத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்பதில் அவர் இன்னும் உறுதியானார். அப்படிப்பட்டவர் தன்னலவாதத்தைப் போதித்திருக்க வேண்டுமே? இல்லை. எது சரி என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் எல்லாருடைய இன்பமும் சேர்ந்த மொத்தம். உன்ர சந்தோசத்துக்கு அதில் தனிச் சலுகை கிடையாது.

இரண்டையும் எப்படி ஒன்றாகப் பிடித்தார் என்பதற்கு அவருடைய சிறைச்சாலைத் திட்டமே உதாரணம். பனொப்டிகன் என்று 1791இல் அச்சில் வந்தது. கடைசிவரை அவர் அதைக் கட்டவில்லை. அதில் சிறையைக் குத்தகைக்கு எடுக்கும் ஆளிடம் கருணையை எதிர்பார்க்கவில்லை. பேச்சுக்கு, 300 கைதிகளில் வருசத்துக்கு 15 பேர் சாவது வழமை எண்டு கணக்கு வைப்போம். அந்த 15 பேருக்கும் தலைக்கு ஒரு தொகையை முதலே குத்தகைக்காரருக்குக் குடுத்துவிடுவது. வருச முடிவில் உண்மையில் செத்த ஒவ்வொருவருக்கும் அதே தொகையை அவர் திருப்பிக் கட்ட வேண்டும். 10 பேர் செத்தால் ஐந்து பேரின் காசு அவருக்கு லாபம். 20 பேர் செத்தால் ஐந்து பேரின் காசு கைநட்டம். கைதியின் உயிரைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லாவிட்டாலும் சாப்பாட்டையும் காற்றோட்டத்தையும் அவர் கவனிப்பார். (இந்தத் திட்டத்தின்ர மற்றப் பக்கத்தை, அதாவது கண்காணிப்பை, நாங்கள் ஆதரிக்கவில்லை. அது வேறு கதை.)

வாதம் எங்கே உடைகிறது என்பது இதில் தெரிகிறது. உளவியல் தன்னலவாதம் உண்மை என்றால் பிறர்நல நோக்கம்தான் இயலாமல் போகும். பிறருக்கு நன்மை தரும் செயல் இயலாமல் போகாது. குத்தகைக்காரர் கைதிகளை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற கடமை அப்படியே நிற்கிறது, அவரால் அதைச் செய்யவும் முடிகிறது. நோக்கத்தைத்தான் கேட்க ஏலாது எண்டு விட்டுக்கொடுத்தாலும், மிஞ்சுவது தன்னலக் கடமை மட்டும் எண்டு யார் சொன்னது? கடமை என்று ஒன்றுமே இல்லை என்ற முடிவும் அதே மேசையில் இருக்குது. அதை ஏன் தள்ளினாய் எண்டு கேட்டால் மச்சானிடம் பதில் வராது.

இன்னொன்று. எல்லாரும் எப்பவும் தன்னலத்தைத்தான் நாடுகினம் எண்டால், தன்னலத்தை நாடு எண்டு புத்தி சொல்லுறது கல்லைப் பார்த்துக் கீழ விழு எண்டு சொல்லுற மாதிரி. இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு: ஆட்கள் நாடுவது தங்களுக்கு நல்லது என்று தாங்கள் நினைப்பதை, சிகரெட் குடிப்பவர் போல அதில் பிழைவிடலாம், அதைத் திருத்தத்தான் புத்திமதி. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அப்போது ஒழுக்கவியல் தன்னலவாதம் வெறும் கணக்குத் திருத்தமாகச் சுருங்கிவிடுகிறது. பிறருக்காகத் தன்னை அழிக்காதே என்ற அதன் பெரிய கோசத்துக்கு ஆள் இல்லை, ஏனென்றால் அப்படி வேண்டுமென்றே அழிப்பவரே உலகத்தில் இல்லையாம்.

தன்னலத்தை வெளிப்படையாகப் போதித்த அயன் ராண்டுக்கு இது விளங்கியிருந்தது. சுயநலம் ஒரு நற்பண்பு என்று பெயர் வைத்து 1964இல் அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், எல்லாரும் சுயநலக்காரர்தானே என்ற கேள்விக்கு நதானியல் பிராண்டன் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அவருடைய பதில்: இல்லை.