போதையை விட்டவரை பழைய தெரு ஏன் திரும்ப இழுக்கிறது? மூளைக்குள் நடப்பது என்ன?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் போலீசார் கஞ்சா சோதனை நடத்தும் செய்தி அவ்வப்போது வரும். செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமம் பகுதியும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அங்கே தினமும் மாலையில் நண்பர்களோடு சிலும்பி இழுத்த ஒரு இளைஞர், வெளியூர் மறுவாழ்வு மையத்தில் 3 மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி, பழைய டீக்கடையும் அதே நண்பரின் குரலும் எதிர்ப்பட்டதும் மனசு பரபரக்கிறது.

"மனக்கட்டுப்பாடு இல்லாத பய" என்று வீட்டில் திட்டுவார்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறும் பாவ்லோவ் பரிசோதனை பள்ளியில் படித்ததுதான். மூளையின் வெகுமதிப் பாதையிலும் அதே கதைதான். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு கிடைக்கும்போது டோபமைன் செல்கள் துடித்தன. பழகியபின், சாறு வரப்போவதைச் சொல்லும் அடையாளத்தைப் பார்த்ததுமே துடித்தன. அதாவது, டோபமைன் என்பது இன்பத்தைவிட 'வேணும்' என்ற உந்துதலோடுதான் அதிகம் சேர்ந்தது. நம் இளைஞருக்கு அந்த அடையாளம், டீக்கடை.

இன்னொன்றும் நடக்கிறது. போதை உடலை ஒரு பக்கம் தள்ளினால், உடல் எதிர்ப்பக்கம் தள்ளிச் சமன் செய்யப் பார்க்கும். அதனால்தான் நாளாக நாளாகப் பழைய அளவு 'ஏறாது'. இந்த எதிர்த்தள்ளலும் இடத்தோடு பழகிவிடுகிறது. பழைய இடத்தைப் பார்த்ததுமே உடல் தயாராகிவிடும். போதை உள்ளே வராவிட்டால் எதிர்த்தள்ளல் மட்டும் மிஞ்சும். அந்தத் தவிப்புதான் ஏக்கம் என்பது உளவியலாளர் ஷெப்பர்ட் சீகல் தந்த விளக்கம்.

1982-ல் அவரது குழு எலிகளுக்கு ஹெராயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்துப் பழக்கியது. பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பெரிய டோஸ். பழகிய அறையில் 32 சதவீதம் இறந்தன. புது அறையில் 64 சதவீதம்! மருந்தும் அளவும் மாறவில்லை, இடம்தான் மாறியது.

தாங்குதிறனுக்கு இது மட்டுமே காரணமல்ல. தொடர்ந்து கஞ்சா அடிப்பவரின் மூளையில் அதற்கான ஏற்பிகளும் குறைகின்றன. நிறுத்தினால் அவை சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் டீக்கடை நினைவு அப்படி அழியாது. மையத்தில் கற்ற 'இங்கே போதை இல்லை' என்ற பாடத்தை மூளை அந்த இடத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்கிறது.

ஆபத்து எங்கே? கஞ்சாவில் டோஸ் மிஞ்சி மூச்சு நிற்பது அரிது. ஹெராயினும், போதைக்காக ஊசியில் ஏற்றப்படும் டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியல்ல. சில மாதம் விட்டவருக்குத் தாங்குதிறன் இறங்கியிருக்கும். "ஒரே ஒரு தடவை" என்று பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். உதடு நீலமாகி, தட்டினாலும் எழாமல், குறட்டை போல மூச்சு இழுத்தால் தூக்கம் என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

ஊர் திரும்புபவருக்கு முதல் சில மாதங்கள் வழியை மாற்றுவதும், மாலை நேரத்தில் வேறு வேலையில் இருப்பதும், பழைய எண்களை போனிலிருந்து நீக்குவதும் கோழைத்தனம் அல்ல, சிகிச்சையின் பகுதி. ஏக்கம் அலை மாதிரி ஏறும்; பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். ஆலோசனைக்கு மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14446.